சிங்கக் காசைக் கடித்தது யார்?

ஸ்டூடியோவில் அவளுக்கு ரப்பர் என்று பேர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களின் முகத்திலிருந்து பருவை அழிப்பாள். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தை அழிப்பாள். குடும்பப் படத்தில் ஓரமாக வந்து நின்ற, யாருக்கும் பிடிக்காத சித்தப்பாவை ஒருமுறை ஆளோடு அழித்திருக்கிறாள். முதலாளி வைத்த பேர் அது. வீட்டுக்கும் பரவிவிட்டது. அவளுடைய நாத்தனாரே, "ஏய் ரப்பரு" என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த நாத்தனார் சாமானியப்பட்டவள் இல்லை. புருஷனுக்கு மூத்த அக்கா. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் திரும்ப முடியாத ஒரு கடை வைத்து, பழைய காசும் தபால்தலையும் வாங்கி விற்கிறாள். சேகரிப்பாளர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்தில் ஏலம். ஏலத்துக்கு முன்னால் எல்லாப் பொருளையும் படம் பிடித்து, பட்டியல் போட்டு, உறுப்பினர்களின் போனுக்கு அனுப்ப வேண்டும். இதுவரை படம் வெட்டிக் கொடுத்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். நாத்தனார் நேரே தம்பி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"நீதான் எல்லாத்தையும் வெட்டுறியே, இதையும் வெட்டிக் குடு. கறுப்புத் துணில வெச்சு நானே போட்டோ எடுத்துட்டேன். துணிய எடுத்துட்டு வெள்ளைல போடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா அண்ணி?"

"அவ்வளவுதான். முகத்துல பவுடர் அடிக்கிற வேலையெல்லாம் கிடையாது."

அவ்வளவுதான் என்று நாத்தனார் சொன்ன எந்த வேலையும் அவ்வளவோடு முடிந்ததில்லை என்பது ரப்பருக்குத் தெரியும். ஆனாலும், மாட்டேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அதே ஊரில் குடியிருக்க முடியாது. சரி என்றாள்.

சாயங்காலம் ஸ்டூடியோவில் கூட்டம் வடிந்த பிறகு படங்களைத் திறந்தாள். வெள்ளிக் காசுகள் முதலில் வந்தன. அவற்றைப் பார்த்ததும், இதற்கா இத்தனை அலட்டல் என்று தோன்றியது. கறுப்புத் துணியில் வெள்ளிக் காசு நிலா மாதிரி பளிச்சென்று நின்றது. ஓரம் தனியாக, துணி தனியாக. ஒரு தட்டுத் தட்டினால் கம்ப்யூட்டரே காசைப் பிரித்து எடுத்துக் கொடுத்தது. துணியிலிருந்து பறந்து ஒட்டிய நூல்தூசியைத் துடைப்பது மட்டும்தான் வேலை. ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வரிசையாக வெட்டித் தள்ளினாள்.

பிறகு செம்புக் காசுகள் வந்தன. பாட்டு நின்றது.

காலப்போக்கில் கறுத்துப்போன செம்பு. அடுப்பங்கரைக் கரி மாதிரி. அதைக் கொண்டுபோய்க் கறுப்புத் துணியில் வைத்து, மேல் இடது பக்கத்தில் ஒரே ஒரு மேஜை விளக்கை எரியவிட்டு எடுத்திருந்தாள் நாத்தனார். வெளிச்சம் பட்ட பக்கத்தில் காசு தெரிந்தது. நிழல் விழுந்த பக்கத்தில் காசு எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று கடவுளுக்கே தெரியாது. தானாகப் பிரிக்கிற கருவியைத் தட்டினாள். அது பாதிக் காசைத் துணியென்று நினைத்துத் தூக்கி எறிந்தது.

"அட கண்ணு தெரியாத மெஷினே" என்று திட்டிவிட்டு வேறு வழி யோசித்தாள். காசு என்றால் வட்டம்தானே? வட்டம் போடுகிற கருவியை எடுத்தாள். தெரிகிற ஓரத்தில் பிடித்து, தெரியாத ஓரம் வரைக்கும் ஊகமாக இழுத்து, அச்சாக ஒரு வட்டம் போட்டு வெட்டினாள். படகு பொறித்த ஒரு காசு அப்படி அழகாக வெளியே வந்தது. வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்த்தபோது மட்டும், ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கருந்திட்டு. நிழலோ, அழுக்கோ. அவளுடைய கை சும்மா இருக்கவில்லை. பக்கத்திலிருந்த விளிம்பைக் கொஞ்சம் எடுத்து அந்தத் திட்டின் மேல் ஒட்டினாள். இரண்டு தடவை மெழுகினாள். பல் போன மணப்பெண்ணுக்குப் பல் வைக்கிற அதே சுருக்கில் வேலை முடிந்தது. படகுக் காசு முழு வட்டமாகச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மறுநாள் தபால்தலைகள். துணியின் நூல் ஒட்டியிருந்ததால் பல் விளிம்பு பிசிறு பிசிறாகத் தெரிந்தது. பிசிறு என்றால் ரப்பருக்கு ஆகாது. ஒரு தபால்தலையை நாலு பக்கமும் நேர்க்கோடு போட்டு, கத்தி வைத்த மாதிரி வெட்டி, மாதிரிக்கு என்று அண்ணிக்கு அனுப்பினாள்.

போன் உடனே அலறியது.

"பல்லு எங்கடி?"

"எந்தப் பல்லு அண்ணி?"

"ஸ்டாம்போட பல்லு! சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது! அதை வெச்சுத்தான் அது எந்த வருஷத்து அச்சு, அசலா போலியான்னே பாப்பாங்க. கறுப்புத் துணில ஏன் எடுத்தேன்? பல்லு ஒண்ணொண்ணும் தெரியணும்னுதான். நீ மொத்தமா புடுங்கிட்டு அனுப்பியிருக்க!"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு…"

"சுத்தம் பண்ணச் சொன்னேனா? நல்லாக் கேட்டுக்கோ. பொருள்ல கை வைக்கக் கூடாது. கிழிசல் இருந்தா கிழிசல், கறை இருந்தா கறை, ஓட்டை இருந்தா ஓட்டை. இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. காது சிவக்கும் அளவுக்குப் புரிந்தது. உட்கார்ந்து எல்லாத் தபால்தலைகளுக்கும் பல் பல்லாகச் சுற்றி வரைந்து வெட்டினாள். அந்த ஆத்திரத்தில் படகுக் காசுக்குத் தான் வைத்த பல் அவளுக்கு நினைவுக்கு வரவேயில்லை.

கடைசியாக ஒரு கறுத்த காசு மிச்சமிருந்தது. சிங்கம் பொறித்தது. வட்டக் கருவியைத் தொடவே இப்போது பயமாக இருந்தது. எதையும் ஊகிக்க வேண்டாம், மெஷினே பார்த்துக்கொள்ளட்டும் என்று தானாகப் பிரிக்கிற கருவியிடமே விட்டாள். அது இந்த முறை கொஞ்சம் நிதானமாகத்தான் நடந்துகொண்டது. சிங்கம் முழுசாக வந்தது. கீழ் வலது ஓரத்தில் மட்டும், பிஸ்கட்டை ஒரு கடி கடித்த மாதிரி ஒரு வளைவு காணாமல் போயிருந்தது. விளிம்பை மென்மையாக்கியதில் அந்தக் கடியும் வழவழவென்று, பிறந்தபோதே அப்படிப் பிறந்த மாதிரி இருந்தது.

ரப்பரின் கை மவுஸை நோக்கிப் போனது. உடனே அண்ணியின் குரல் காதில் ஒலித்தது. இருக்கிறது இருக்கிறபடியே.

"உடைஞ்ச காசு போல. எனக்கென்ன வந்துச்சு" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டாள். பட்டியல் போய்ச் சேர்ந்தது.

சங்கத்தில் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கெல்லாம் பல்லைச் சரிசெய்கிறவர், சேகரிப்பதோ பிழையான காசுகளை மட்டும். இரண்டு முறை அச்சடித்தது, தலைகீழாக அச்சடித்தது, நடுவிலிருந்து விலகிப்போனது என்று வழி தவறிய காசு எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். பட்டியல் வந்த அன்று ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடியே நாற்காலியில் விட்டுவிட்டு அவர் நாத்தனாருக்குப் போன் போட்டார்.

"செயலாளரே, அந்தச் சிங்கத்த எங்க பிடிச்சீங்க?"

"எந்தச் சிங்கம் டாக்டர்?"

"கடி வாங்கின சிங்கம்! என்ன ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க? நானும் இத்தனை வருஷமாத் தேடுறேன், அந்த வரிசைல கடிச்ச காசு ஒண்ணுகூடக் கண்ணுல பட்டதில்ல!"

அவர் விளக்கிக்கொண்டே போனார். தகட்டிலிருந்து வட்டம் வட்டமாகக் காசை வெட்டி எடுப்பார்கள். தகடு சரியாக நகரவில்லை என்றால், முன்னால் வெட்டின ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டும் கொஞ்சம் விழும். வருகிற வட்டத்தில் ஒரு கடி இருக்கும். அப்புறம்தான் அதன் மேல் சிங்கம் அச்சாகும். எவனோ பின்னால் அரத்தால் ராவினதா, பிறவியிலேயே கடியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிறவிக் கடி என்றால், அதற்கு நேர் எதிரே இருக்கிற விளிம்பு மழுங்கியிருக்கும்.

"உங்க படத்துல நேர் எதிர் விளிம்பு பாத்தீங்களா? மழுமழுன்னு இருக்கு! சத்தியமாச் சொல்றேன், இது நூத்துக்கு நூறு பிறவிக் கடி. நான்தான் எடுக்கப்போறேன்னு சங்கத்தோட போன் குழுவுல போட்டாச்சு. எல்லாரும் எம்மேல பொறாமைல வெந்துக்கிட்டு இருக்காங்க."

நாத்தனார் யோசித்துப் பார்த்தாள். சிங்கக் காசு ஒரு வீட்டில் மொத்தமாக வாங்கின பையிலிருந்து வந்தது. தன் கையால் எடுத்துத் துணியில் வைத்துப் படம் பிடித்தவள் அவள்தான். கடி எதையும் பார்த்த ஞாபகமில்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே கிட்டத்தில் இருக்கிறது எல்லாம் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரிகிறது. கண்ணாடி போடச் சொன்ன தம்பியிடம், "என் கண்ணு உன் கண்ணவிடத் தெளிவுடா" என்று வாயை அடைத்திருந்தாள். இப்போது டாக்டரிடம், நான் கவனிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? செயலாளர் அல்லவா?

"தெரியாம பின்ன? ஏலத்தன்னிக்கு சஸ்பென்ஸா வெச்சுக்கலாம்னுதான் எழுதல" என்று ஒரே போடாகப் போட்டாள்.

போய்ப் பார்க்கலாம் என்றால் காசுகள் எல்லாம் பேங்க் லாக்கரில். பேங்குக்கு அடுத்தடுத்து விடுமுறை. ஏலத்தன்று காலையில்தான் திறக்க முடியும்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தபோது கடைக்குள் கடிகாரக்காரர் வந்தார். பக்கத்துத் தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். பேச்சுக்கும் அவருக்கும் வெகு தூரம். ஒரு வாக்கியம் பேசினால் மறு வாக்கியத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். படகுக் காசு அவருடையதுதான். பொட்டலமாகக் கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் போனவர்.

"கடி எங்கம்மா?" என்றார்.

"ஐயோ, நீங்களுமா அண்ணே? அது சிங்கத்துல இருக்கு. டாக்டர் இப்பத்தான்…"

"சிங்கம் கிடக்கட்டும். என் படகுல ஒரு கடி இருந்துச்சு. போட்டோவுல காணோம்."

"படகுலயா? கடியா? நீங்க சொல்லவேயில்லையே!"

"சொல்லணுமா என்ன? பாத்தாத் தெரியாதா?"

நாத்தனார் அவரைப் பார்த்தாள். போனில் இருந்த படகைப் பார்த்தாள். கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். அப்பழுக்கில்லாத வட்டம். சிங்கத்தைப் பார்த்தாள். கடி. படகில் இருக்க வேண்டிய கடி சிங்கத்துக்குப் போயிருக்கிறது. காசு தானாக எழுந்து போய் இன்னொரு காசைக் கடிக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

"ரப்பரு!" என்று அவள் போட்ட கூச்சல் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர்களை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டது.

விடுமுறை நாள் மத்தியானம். வீட்டில் ரப்பரின் புருஷன் சோபாவில் மல்லாந்து கிடந்தான். அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதுமே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். நாத்தனார் வந்த வேகத்தில் நாற்காலியை இழுத்து, ரப்பர் ஸ்டூடியோ வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்கிற கம்ப்யூட்டர் முன்னால் போட்டாள்.

"தொற. அந்த ரெண்டு காசையும் தொற. நான் எடுத்த போட்டோ அப்படியே இருக்கா, அதையும் தின்னுட்டியா?"

"இருக்கு அண்ணி. நான் வெட்டுறது எதையும் தூக்கிப் போடுறதில்ல. மறைச்சுத்தான் வெப்பேன்."

உண்மைதான். துணியை அவள் அழிக்கவில்லை. கம்ப்யூட்டரில் அதன் மேல் ஒரு முகமூடி போட்டு மறைத்திருந்தாள். முகமூடியைக் கழற்றியதும் முழுப் படமும் பழையபடி வந்தது. ஆனால் வந்து என்ன? கறுப்புக்குள் கறுப்பு. சிங்கத்தின் கீழ் ஓரத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இருங்க அண்ணி, இருட்டை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பாக்குறேன்."

திரையில் வெளிச்சத்தைக் கூட்டுகிற பட்டியை மெல்ல மேலே இழுத்தாள். கறுப்பு சாம்பலானது. சாம்பலுக்குள்ளிருந்து துணியின் நெசவு, குறுக்கும் நெடுக்குமாக, பொடிப்பொடியாக எழுந்து வந்தது. அந்த நெசவு ஒரு வளைகோட்டில் சட்டென்று நின்றது. அதற்குள்ளே நெசவு இல்லை. வழவழவென்று செம்பு. சிங்கக் காசின் ஓரம் முழுசாக, ஒரு குறையுமில்லாமல், இருட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"கடியே இல்ல" என்றாள் நாத்தனார்.

"மெஷின்தான் கடிச்சிருக்கு அண்ணி. நெழல துணின்னு நெனச்சிருச்சு. நான் ஒடைஞ்ச காசுன்னு நெனச்சு விட்டுட்டேன். நீங்கதானே இருக்கிறது இருக்கிறபடியே…"

"என் பேச்ச அன்னிக்குத்தான் கேக்கணுமா நீ? சரி, டாக்டர் சொன்னாரே, எதிர்ப்பக்கம் மழுங்கி இருக்குன்னு?"

ரப்பர் மேல் இடது ஓரத்தைப் பெரிதாக்கினாள். "அது மழுங்கல் இல்ல. உங்க மேஜை லைட்டு நேரா அங்க அடிச்சிருக்கு. வெளுத்துப்போயி மேடு பள்ளம் ஒண்ணும் தெரியல."

அடுத்தது படகு. மேலே ஒட்டின விளிம்பையும் விலக்கிவிட்டு இருட்டைத் தூக்கியதும், அவள் பிறைத்திட்டு என்று நினைத்து மெழுகின இடத்தில், நெசவு தெரிந்தது. துணியின் நெசவு. அங்கே காசே இல்லை. அளவெடுத்து வெட்டின மாதிரி ஒரு கடி. கடிகாரக்காரரின் கடி.

ரப்பர் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, நான் இதுக்குப் பல்லு கட்டிட்டேன்."

நாத்தனார் திட்ட வாயெடுத்த அதே நேரம், தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி திரைக்குள் தலையை விட்டான்.

"இரு, இரு. இந்த மூலைல என்ன? இன்னும் கொஞ்சம் வெளிச்சத்த ஏத்து."

ஏற்றினாள். படத்தின் மூலையில் பெல்ட் கோக்கிற வளையம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் பாக்கெட்டின் தையல்.

"அக்கா. இது என் பேன்ட்."

நாத்தனார் திரும்பவில்லை. "பழசுதானே?"

"பழசா? அதைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கிட்டு இருக்கேன்!"

"நல்ல கறுப்பு. பளபளப்பு இல்லாத துணி. வேற எங்க கெடைக்கும்? போன தடவை வந்தப்ப கொடில கெடந்துச்சு, எடுத்துட்டுப் போனேன். பேசாம இருடா, பெரிய விஷயம் ஓடிக்கிட்டு இருக்கு."

பெரிய விஷயம் என்னவென்றால், டாக்டரிடம் நாத்தனார் அடித்த சவடால். அதைச் சொல்லும்போது அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. கண் சரியாகத் தெரியவில்லை என்பதும் அதோடு சேர்ந்து வெளியே வந்தது. ரப்பருக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணியை இப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தான் பிடிபட்டுவிட்டோம் என்ற பயமே அவளுக்குப் போய்விட்டது.

"சரியான படத்த இப்பவே குழுவுல போட்டுரலாம் அண்ணி. தப்பு எம்மேலன்னு நானே எழுதுறேன்."

"எழுது. உனக்கென்ன, நீ சங்கத்துலயே இல்ல. 'தெரியாம பின்ன'ன்னு நான் சொன்னத எந்த ரப்பர் வெச்சு அழிக்கிறது? டாக்டர் அத ஊர் முழுக்கச் சொல்லியாச்சு."

"அப்ப அவர் மட்டும் என்னவாம்? போட்டோவப் பாத்து நூத்துக்கு நூறுன்னு சத்தியம் பண்ணினவரு. அவருக்கும் வெக்கம்தானே?"

நாத்தனார் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் வியாபாரக் களை திரும்பி வந்தது. "அதுவும் சரிதான்" என்றாள்.

இரண்டு காசையும் ரப்பர் மறுபடி வெட்டினாள். வட்டக் கருவியும் இல்லை, தானியங்கியும் இல்லை. இருட்டைத் தூக்கிப்பிடித்த ஒரு நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெசவு எங்கே நிற்கிறதோ அங்கே புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தைக் கையாலேயே வரைந்தாள். வரைந்து முடித்ததும், வெளிச்சம் கூட்டாத அசல் படத்தை அந்தக் கோட்டில் வெட்டினாள். காசு தன் நிறத்திலேயே இருந்தது. ஓரம் மட்டும் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. மற்ற செம்புக் காசுகளையும் அதேபோல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நல்லவேளையாக வேறு எந்தக் காசும் கடி வாங்கவில்லை. திருத்தின படங்களை அண்ணியின் போனிலிருந்து குழுவில் போட்டு, படம் வெட்டிக் கொடுத்த ரப்பர் எழுதுகிறேன், வெட்டும்போது நான் செய்த பிழை, கடி படகில்தான் இருக்கிறது, சிங்கம் முழுசு, மன்னிக்கவும் என்று எழுதினாள்.

குழுவில் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. டாக்டரும் அதைப் பார்த்துவிட்டார்.

ஏலம் ஒரு தையல் கடையின் மேல்மாடி அறையில். நீள மேஜை, மடக்கு நாற்காலிகள், ஓடுகிறபோதெல்லாம் கிறீச்சிடுகிற மின்விசிறி. நாத்தனார் புதுக் கண்ணாடியோடு வந்திருந்தாள். கூப்பிட்ட மரியாதைக்கு ரப்பரும் வந்து கடைசி வரிசையில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

டாக்டர் நேரே அவளிடம்தான் வந்தார்.

"நீதானாம்மா அந்த ரப்பர்?"

"ஆமா டாக்டர். மன்னிச்சுக்கோங்க."

"உன்ன எதுக்கு மன்னிக்கணும்? உன் மெஷின் போட்ட கடிக்கு நான் பிறப்புச் சான்றிதழே குடுத்துட்டேனே!" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அந்த எதிர் விளிம்பு மட்டும் எப்படிம்மா மழுங்கித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

சொன்னாள். அவர் விளக்கைப் பற்றி இரண்டாம் முறையும் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடியே மேஜைக்குப் போனார். படகுக் காசை லென்ஸில் வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். தராசில் வைத்து நிறுத்தார். முழுக் காசைவிட எடை குறைவாகத்தான் இருந்தது. கடிக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கியிருந்தது, இந்த முறை நிஜமாகவே. விரல் நகத்தால் தடவியும் பார்த்தார். ஏலத்தில் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடிகாரக்காரர் முகத்தில் ஒரு தசைகூட அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் காது மட்டும் மெல்லச் சிவந்துகொண்டே போனது. அவருக்கு அதுதான் குதூகலம்.

சிங்கக் காசு வந்தது. சாதாரணக் காசு. யார் கேட்பார்கள் என்று நாத்தனார் அவசரமாகத் தாண்டப் பார்த்தாள். கடிகாரக்காரர் கை தூக்கினார்.

"எனக்கு வேணும். கூட அந்தக் கடிச்ச போட்டோவும் வேணும்."

"அது எதுக்கு அண்ணே?"

"கடைல மாட்டி வெக்க." கொஞ்சம் யோசித்து, வழக்கத்துக்கு மாறாக இன்னொரு வாக்கியமும் பேசினார். "கீழ டாக்டரோட சத்தியத்தையும் எழுதி வெக்கலாம்னு இருக்கேன்."

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. டாக்டர் துள்ளி எழுந்தார்.

"நான் கேக்குறேன்! அந்தப் போட்டோவ நான் கேக்குறேன்! எவ்வளவானாலும் சரி!"

நாத்தனார் புதுக் கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டாள். வியாபாரம் தானாக நடந்து வந்து மடியில் உட்காரும்போது தள்ளிவிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "காசு தனி, போட்டோ தனி" என்று அறிவித்தாள். காசைக் கடிகாரக்காரர் வாங்கிக்கொண்டார். போட்டோவுக்குப் போட்டி தொடங்கியது. கடிகாரக்காரர் ஒன்று சொல்ல, டாக்டர் அதற்கு மேல் சொல்ல, முன்வரிசைக்காரர்கள் நடுவில் புகுந்து வேண்டுமென்றே ஏற்றிவிட, நிஜ வெள்ளிக் காசுகளுக்கே அன்று வராத வேகம் அந்தப் பிழைப் படத்துக்கு வந்தது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே விடாப்பிடியாகக் கேட்டார். கடைசியில் கடிகாரக்காரர் கையை இறக்கிவிட்டார்.

"டாக்டருக்கே" என்று நாத்தனார் மேஜையைத் தட்டினாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். மானம் தப்பியது என்கிற நிம்மதி அவர் முகத்தில். ரப்பருக்குத்தான் மனசு கேட்கவில்லை. பொய்யான நிம்மதியோடு ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்புவது எப்படி? கடைசி வரிசையிலிருந்து தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"டாக்டர், அது ஃபைலு. ஒரே ஒரு போட்டோ கிடையாது. எத்தனை வேணும்னாலும் பிரின்ட் போடலாம்."

முதலில் கடிகாரக்காரர்தான் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அவர் சிரித்து அந்தச் சங்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

"அப்ப எனக்கு ஒண்ணு" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"எனக்கும்."

"எங்க வீட்டுக்கு ரெண்டு போடுங்க."

"அந்த ஏலத்த விட்டுருங்க, விலை டாக்டருக்கும் சேத்து எல்லாருக்கும் ஒண்ணுதான், சங்க விலை" என்று நாத்தனார் பெரிய மனசு பண்ணினாள். "ரப்பரு, கையத் தூக்கினவங்கள எண்ணிக்கோ."

ரப்பர் எண்ணினாள். டாக்டர் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்து கிட்டே போனாள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தலையிலிருந்த கையை அப்படியே மேலே தூக்கினார்.

"எனக்குப் பெருசா ஒண்ணு போட்டுரும்மா. கிளினிக்ல மாட்டுறேன். எல்லாருக்கும் முன்னாடி நானே மாட்டிடறேன்."

"லேமினேட் பண்ணட்டுமா டாக்டர்?"

"பண்ணு, பண்ணு. ஓரத்த மட்டும் வெட்டிராத."